கடைசியாக எப்போது முடிந்தது?

2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் ஓர் அழிப்புக் கட்டளையைத் தட்டிவிட்டார். மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் வேலையைச் சேர்த்துவைக்கும் இணையதளம் அது. ஓரிரு நொடியில் தவறு புரிந்து நிறுத்தினார். அதற்குள் முதன்மை டேட்டாபேஸின் 300 ஜி.பி.யில் 4.5 ஜி.பி. மட்டுமே மிஞ்சியிருந்தது.

பதறத் தேவையில்லை என்றுதான் முதலில் நினைத்திருப்பார்கள். நாளுக்கு ஒருமுறை தானாக ஓடி, டேட்டாபேஸை முழுதாக நகலெடுத்து வெளிக் கிடங்கில் போட்டுவைக்கும் பேக்கப் வேலை ஒன்று இருந்தது. கிடங்கைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றுமே இல்லை. நகலெடுக்கும் நிரல் 9.2 பதிப்பு, டேட்டாபேஸோ 9.6. பதிப்பு பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் ஓடிய உடனே பிழை சொல்லிவிட்டு அது நின்றிருக்கிறது. பிழையை மின்னஞ்சலில் தெரிவிக்கும் ஏற்பாடும் இருந்தது. அந்த மின்னஞ்சல்களுக்கு டிமார்க் எனப்படும் அனுப்புநர் சரிபார்ப்பு செய்யப்படாததால், பெறும் சர்வர் அவற்றை ஏற்காமல் திருப்பிவிட்டது. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் யாரோ தற்செயலாக எடுத்துவைத்திருந்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்துத் தரவு போனது போனதுதான். நடந்த அத்தனையையும் அவர்களே பொதுவில் எழுதி வைத்தார்கள். அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

இந்தக் கதையில் எல்லோரும் அந்த அழிப்புக் கட்டளையைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அந்த வராத மின்னஞ்சல்தான் முக்கியமாகப் படுகிறது. ‘ஏதாவது கெட்டுப்போனால் சொல்’ என்று ஒரு வேலைக்குச் சொல்லி வைத்தால், அது பேசாமல் இருப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். எல்லாம் நன்றாக இருக்கிறது. அல்லது சொல்ல வேண்டிய வாயே அடைபட்டுப் போயிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். ‘நீ கடைசியாக நன்றாக முடித்தது எப்போது?’ என்று கேட்டால், மௌனமும் ஒரு பதிலாகிவிடும். நேற்று வந்த பதிலே இன்றும் வந்தால், இன்று வேலை நடக்கவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்க இன்று பலரும் பயன்படுத்தும் மென்பொருள் பிராமிதியஸ். 2012-இல் சவுண்ட்கிளவுட் என்ற இசைத்தள நிறுவனத்தில் எழுதத் தொடங்கி, பிறகு யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். அது வேலை செய்யும் விதம் நம் வீட்டுக்கு மின்கணக்கு எடுக்க வருபவரைப் போன்றது. நாம் போய் யூனிட்டைச் சொல்வதில்லை. அவரே வந்து மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார். பிராமிதியஸும் அப்படித்தான். 15 நொடிக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை ஒவ்வொரு சர்வரின் கதவையும் தட்டி, அங்கே எழுதியிருக்கும் எண்களைக் குறித்துக்கொண்டு போகும். கதவு திறக்கவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளும்.

நாள் முழுக்க ஓடும் நிரல்களுக்கு இது போதும். நள்ளிரவு ஒரு மணிக்கு வந்து, சில நிமிடங்களில் வேலையை முடித்துவிட்டு மறையும் பேட்ச் வேலைகளுக்குப் போதாது. பேக்கப் எடுப்பது, வட்டி கணக்கிடுவது, கிளைகளின் விற்பனையைக் கூட்டி அறிக்கை தயாரிப்பது எல்லாம் இந்த வகைதான். வேலை முடிந்ததும் அந்த நிரலே இருக்காது. கணக்கெடுப்பவர் வந்து தட்டும்போது வீட்டில் ஆளும் இல்லை, மீட்டரும் இல்லை.

அதற்காக வந்தது புஷ்கேட்வே. அபார்ட்மென்ட் வாசலில் இருக்கும் வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து கிளம்பும்போது நிரல் ஒரு சீட்டில் எண்களை எழுதி அவரிடம் கொடுத்துவிட்டுப் போகும். கணக்கெடுப்பவர் எப்போது வந்தாலும் வாட்ச்மேன் அந்தச் சீட்டைக் காட்டுவார்.

இந்த வாட்ச்மேனிடம் ஒரு குணம் உண்டு. சீட்டை எப்போதும் தூக்கிப் போடமாட்டார். கொடுத்தவர் மறுநாள் வரவில்லை என்றாலும், மாதக்கணக்கில் வரவில்லை என்றாலும், கேட்கும்போதெல்லாம் அதே சீட்டைப் புதிதுபோல எடுத்து நீட்டுவார். ‘இத்தனை மணி நேரம் கழித்துச் சீட்டைக் கிழித்துவிடு’ என்று சொல்லும் வசதி வேண்டும் என்று பலர் கேட்டும், அதை எழுதியவர்கள் வேண்டுமென்றே சேர்க்கவில்லை.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓரிடத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நள்ளிரவு பேக்கப் முடிந்ததும் ‘வெற்றி = 1’ என்று சீட்டு கொடுக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரிந்தது. ஒருநாள் பழைய பில் ஒன்றைத் தேட பேக்கப் தேவைப்பட்டது. போய்ப் பார்த்தால் கடைசிக் கோப்பு பதினோரு நாள் பழையது. டிஸ்க் நிரம்பி, ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிட்டிருந்தது. ஆனால் பதினோரு நாளும் விளக்கு பச்சைதான், ஏனென்றால் வாட்ச்மேன் கையில் இருந்தது கடைசியாக நன்றாக முடிந்த நாளின் சீட்டு. ‘1’ என்ற எண்ணுக்கு வயது ஏறுவதில்லை.

சீட்டில் எழுத வேண்டியது நிலையை அல்ல, நேரத்தை. நன்றாக முடிந்தது என்று எழுதாமல், நன்றாக முடிந்தபோது மணி என்ன என்று எழுத வேண்டும். அப்போது வாட்ச்மேன் பழைய சீட்டையே நீட்டினாலும் கெடுதல் இல்லை. சீட்டில் இருக்கும் நேரத்தை இப்போதைய நேரத்திலிருந்து கழித்தால், எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்று தெரிந்துவிடும். அந்தக் கழித்தல் கணக்கைப் பிராமிதியஸ் பக்கம்தான் செய்ய வேண்டும். ‘முடிந்து எத்தனை நொடி ஆகிறது’ என்று ஸ்கிரிப்டே எழுதினால், அந்த நொடியில் அது பூஜ்யம். வாட்ச்மேன் கையில் நிரந்தரமாகப் பூஜ்யமாகவே இருக்கும்.

ஒரு துணிக்கடையின் பில்லிங் டேட்டாபேஸை வைத்துப் பார்ப்போம். பெயர் `kadai`. தினமும் அதிகாலை 1 மணிக்கு பேக்கப் தொடங்கி, 40 நிமிடத்தில் முடிகிறது. ஸ்கிரிப்ட் இவ்வளவுதான்:

```bash
#!/bin/bash
set -euo pipefail
F=/backup/kadai.sql.gz
pg_dump kadai | gzip > $F.tmp
mv $F.tmp $F
cat <<EOF | curl -sf --max-time 10 --data-binary @- \
  http://pushgw:9091/metrics/job/kadai_backup
kadai_backup_last_success_timestamp_seconds $(date +%s)
kadai_backup_size_bytes $(stat -c %s $F)
EOF
```

இரண்டாவது வரியை மட்டும் நிதானமாகப் பாருங்கள். `pg_dump` நகலெடுக்கிறது, `gzip` அதைச் சுருக்குகிறது. இரண்டையும் குழாய்போல இணைத்தால், முன்னது செத்துப்போனாலும் பின்னது வந்தவரை சுருக்கிவிட்டு ‘என் வேலை முடிந்தது’ என்று சொல்லும். ஸ்கிரிப்ட் கடைசியில் நிற்பவரின் பேச்சைத்தான் கேட்கும். `pipefail` இல்லாவிட்டால் வெறும் கோப்பைச் சுருக்கி வைத்துவிட்டு வெற்றிச் சீட்டையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அது இருந்தால், முன்னவர் தவறினாலும் குழாய் முழுவதும் தவறியதாகக் கணக்கு. `-e` இருப்பதால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். சீட்டு கொடுக்கும் வரிக்கு வரவே வராது. கோப்பின் அளவையும் சேர்த்து எழுதுவது இரண்டாவது காவல். நேற்று வரை பெரிதாக இருந்த கோப்பு இன்று சில பைட்டுகளுக்குச் சுருங்கினால் கண்ணில் படும்.

தோற்றுப்போன ஓட்டம் எதுவுமே அனுப்பாமல் இருப்பதுதான் இங்கே சரி. சிலர் தோல்விக்கும் ஒரு சீட்டு அனுப்ப ஆசைப்படுவார்கள். அனுப்பலாம், ஒரு எச்சரிக்கையோடு. மேலே உள்ள `curl` போஸ்ட் முறையில் அனுப்புகிறது. அது அதே பெயருள்ள எண்ணை மட்டும் மாற்றும். புட் முறையில் அனுப்பினால் அந்த வேலையின் பழைய சீட்டு முழுவதும் கிழிபட்டு, புதியது மட்டும் நிற்கும். தோல்விச் செய்தியைப் புட் முறையில் அனுப்பினால் கடைசி வெற்றியின் நேரமே மறைந்துவிடும்.

`date +%s` தருவது 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகள், கிரீன்விச் நேரப்படி. இந்திய நேரத்துக்கு 2026 பிப்ரவரி 2 காலை 8:10 என்பது 1770000000. சர்வர் எந்த நாட்டில் இருந்தாலும் எண் ஒன்றுதான் என்பதால் ஐந்தரை மணி நேரக் குழப்பம் இல்லை. வேறு குழப்பம் ஒன்று உண்டு. சில மொழிகள் நொடிக்குப் பதில் மில்லிநொடி தரும். ஜாவாஸ்கிரிப்டின் `Date.now()` அப்படி. அதை அப்படியே அனுப்பினால் கடைசி வெற்றி 58,000-ஆம் ஆண்டு வாக்கில் நடந்ததாகப் பதிவாகும். இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்தால் பெரிய எதிர்மறை எண் வரும், அலாரம் என்றைக்கும் அடிக்காது. தலைகீழாகவும் நடக்கும். படம் வரையும் கிராஃபானா, தேதியைக் காட்ட மில்லிநொடியை எதிர்பார்க்கும். நொடியைக் கொடுத்தால் எல்லா பேக்கப்பும் 1970 ஜனவரி 21-இல் எடுத்ததாகக் காட்டும். கேள்வியில் 1000-ஆல் பெருக்கிவிட்டால் சரியாகிவிடும். இந்த 1970 தேதியைத் தங்கள் டேஷ்போர்டில் பார்க்காத சர்வர்காரர் குறைவு.

இப்போது பின்தங்கலைக் கேட்கலாம்:

```
time() - kadai_backup_last_success_timestamp_seconds
```

இதைப் படமாக வரைந்தால் ரம்பத்தின் பற்கள் மாதிரி இருக்கும். அதிகாலை 1:40-க்குப் பூஜ்யம், பிறகு நொடிக்கு நொடி ஏறி, மறுநாள் 1:40-க்கு 24 மணி நேரத்தைத் தொட்டு, திரும்பச் சடாரென்று பூஜ்யம். ஒரு நாள் பேக்கப் தவறினால் பல் இரட்டிப்பு உயரமாகும். மாதப் படத்தைத் தூரத்திலிருந்து பார்த்தாலே எந்த நாள் தவறியது என்று சொல்லிவிடலாம். எனக்குத் தெரிந்து டேஷ்போர்டில் இதைவிடப் பயனுள்ள கோடு இல்லை.

அலாரம் எத்தனை மணிக்கு அடிக்க வேண்டும் என்பதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள். தினசரி வேலைதானே என்று 24 மணி நேரம் வைத்தால், பேக்கப் இரண்டு நிமிடம் தாமதித்தாலே அடிக்கும். இரண்டு மணி நேரம் கூட்டி 26 என்று வைக்கலாமா? நம் கடையில் மாதக் கடைசி இரவு கணக்கு முடிப்பதால் சர்வர் திணறி, பேக்கப் மூன்று மணி நேரம் எடுக்கிறது என்று வையுங்கள். முந்தைய வெற்றி 1:40. இன்று முடிவது 4:00. அந்தக் கணத்தில் பின்தங்கல் 26 மணி 20 நிமிடம். வேலை ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்துவிடும். மாதம் ஒருமுறை பொய்யாக அடிக்கும் அலாரத்தை நான்காவது மாதம் யாரும் எழுந்து பார்க்கமாட்டார்கள். ஆகவே மிக மெதுவான நாளைக் கணக்கில் எடுத்து 28 என்று வைக்கிறோம்:

```yaml
- alert: KadaiBackupLate
  expr: time() - kadai_backup_last_success_timestamp_seconds > 28 * 3600
  for: 10m
- alert: KadaiBackupMissing
  expr: absent(kadai_backup_last_success_timestamp_seconds)
  for: 10m
```

செவ்வாய் அதிகாலை பேக்கப் தவறினால், திங்கள் 1:40-இலிருந்து 28 மணி நேரம் கடந்து 5:40, அதன்மேல் பத்து நிமிடம் பொறுத்து 5:50-க்கு அலாரம். கடை திறக்கும் முன் மறுபடி ஓட்டிவிட நேரம் இருக்கிறது. பிராமிதியஸின் சொந்த ஆவணங்கள் இன்னும் தாராளமாக, இரண்டு முழு ஓட்டங்களுக்குப் போதுமான நேரம் விடச் சொல்கின்றன. நான்கு மணிக்கொருமுறை ஓடி ஒரு மணி நேரம் எடுக்கும் வேலைக்குப் பத்து மணி நேரம் என்பது அவர்கள் தரும் உதாரணம். ஒரு ஓட்டம் தவறினாலே தாங்காது என்றால் வேலையை இன்னும் அடிக்கடி ஓட்டு என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் பில்லிங் டேட்டாபேஸின் தினசரி பேக்கப்புக்கு இரண்டு நாள் காத்திருக்க எனக்கு மனம் வராது.

இரண்டாவது அலாரம் ஏன் என்று கேட்கலாம். வாட்ச்மேனின் சீட்டுகள் வழக்கமாக நினைவகத்தில் மட்டுமே இருக்கின்றன. `--persistence.file` என்று கோப்பு காட்டாமல் விட்டால், புஷ்கேட்வே ஒருமுறை நின்று எழுந்ததும் எல்லாம் போய்விடும். அப்போது கழிப்பதற்கு எண்ணே இல்லை. இல்லாத எண்ணை 28 மணி நேரத்தோடு ஒப்பிட முடியாது. முதல் அலாரம் பேசாமல் இருந்துவிடும். கிட்லேப் பேக்கப்பும் இந்த ரகம்தான். ஒருமுறைகூட வெற்றிபெறாத வேலை ஒரு சீட்டும் கொடுத்திருக்காது. `absent` கேட்பது அதைத்தான்: இப்படி ஓர் எண் இருக்கிறதா, இல்லையா?

இதற்கு எதிர்த் துன்பம் செத்த சீட்டுகள். சிலர் வேலையின் பெயரோடு தேதியையோ, ஓடிய இயந்திரத்தின் பெயரையோ முகவரியில் சேர்த்துவிடுவார்கள். குபர்நெட்டிஸில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுப் பெயர் பிறக்கும் என்பதால், ஓட்டத்துக்கு ஒரு சீட்டு என வாட்ச்மேன் கையில் கட்டுக் கட்டாகச் சேரும். நேற்றைய பெயரின் சீட்டை யாரும் இனிப் புதுப்பிக்கப்போவதில்லை. அடுத்த நாள் ஒவ்வொன்றும் 28 மணி நேரத்தைத் தாண்டி அலாரம் அடிக்கத் தொடங்கும். பெயரில் `kadai_backup` மட்டும் இருக்கட்டும்.

இதுவரை பார்த்தது வேலை எப்போது முடிந்தது என்பது. தரவு எவ்வளவு பழையது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறையப் பேர். `pg_dump` தான் தொடங்கிய கணத்தில் டேட்டாபேஸ் எப்படி இருந்ததோ அதைத்தான் நகலெடுக்கும். 1:40-க்கு முடிந்த பேக்கப்பில் இருப்பது 1:00 மணி நிலவரம். நாற்பது நிமிடம் பெரிதில்லை. ஆனால் முதன்மை சர்வருக்குச் சுமை வேண்டாமென்று அதன் நகல் சர்வரிலிருந்து பேக்கப் எடுப்பது வழக்கம். அந்த நகல் சர்வர் மூன்று நாளாக முதன்மையோடு தொடர்பறுந்து நின்றிருந்தால்? பேக்கப் தினமும் அழகாக முடியும், சீட்டு தினமும் புதிதாக இருக்கும், ரம்பப் பற்கள் வரிசை தப்பாது. உள்ளே இருப்பதோ மூன்று நாளுக்கு முந்தைய கடை.

அதனால் கடைசி பில் எப்போது போடப்பட்டது என்று தரவையே கேட்டு, அதையும் சீட்டில் எழுதுவது நல்லது. `pg_dump` வரிக்கு முன் இதைச் சேர்க்கலாம்:

```bash
DATA=$(psql -At -c "select floor(extract(epoch from max(bill_time))) from bills" kadai)
```

சீட்டில் `kadai_backup_data_timestamp_seconds $DATA` என்று ஒரு வரி கூடும். இங்கேதான் அந்த ஐந்தரை மணி நேரம் பின்வாசல் வழியாக நுழையும். `bill_time` என்ற களம் நேர மண்டலம் இல்லாமல் இந்திய நேரத்தில் சேமிக்கப்பட்டிருந்தால், டேட்டாபேஸ் அதைக் கிரீன்விச் நேரம் என்று எண்ணி 19,800 நொடி கூட்டிச் சொல்லும். இப்போதுதான் போட்ட பில் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் இருப்பதாகத் தெரியும். பின்தங்கல் எதிர்மறையில் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இந்த எண்ணுக்கு அலாரம் வைப்பதிலும் பக்குவம் வேண்டும். இரவு 9:30-க்குக் கடை மூடினால் 1 மணிக்கே கடைசி பில் மூன்றரை மணி நேரம் பழையது. பொங்கலுக்கு இரண்டு நாள் கடை அடைத்தால் இரண்டு நாள் பில்லே இருக்காது. எதுவும் கெடவில்லை, பின்தங்கல் மட்டும் ஏறும். நான் இதை டேஷ்போர்டில் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பேன், மூன்று நாளுக்கு மேல் போனால் மட்டும் ஃபோனுக்கு அனுப்புவேன்.

ஒரே சர்வரோடு ஒட்டிய வேலை என்றால் வாட்ச்மேனே வேண்டாம். அந்தச் சர்வரில் ஏற்கெனவே ஓடும் நோட் எக்ஸ்போர்ட்டர் ஒரு கோப்புறையில் கிடக்கும் `.prom` கோப்புகளைப் படித்துச் சொல்லும். எண்களை அங்கே எழுதிவைத்தால் போதும். வேறு பெயரில் எழுதி முடித்தபின் `mv` செய்ய வேண்டும், பாதி எழுதிய கோப்பைப் படித்துவிடாமல் இருக்க. எந்த இயந்திரத்தில் ஓடினாலும் சரி என்றிருக்கும் வேலைகளுக்குத்தான் புஷ்கேட்வே.

எல்லாம் கட்டி முடித்ததும் நான் செய்யும் சோதனை ஒன்று. கிரான் அட்டவணையில் அந்த வேலையின் வரிக்கு முன்னால் ஒரு `#` போட்டு, அன்றிரவு வேண்டுமென்றே ஓடவிடாமல் நிறுத்துவேன். முதல்முறை இப்படிச் செய்துவிட்டு 5:50-க்கு ஃபோன் அடிக்கும் என்று படுத்தேன். எழுந்தபோது மணி ஏழு. அடிக்கவே இல்லை. டேஷ்போர்டில் பல் நெட்டையாக நின்றது, அலாரமும் சரியாக 5:50-க்குப் போயிருந்தது. இரவு பதினொன்று முதல் காலை ஆறரை வரை யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஃபோனில் நானே போட்டு வைத்திருந்தேன்.